வீல்சேரில் இருப்பவர் கைப் பயிற்சியால் தொப்பையைக் குறைக்க முடியுமா?

"சார், வயது 34. ஐந்து வருடத்துக்கு முன் பைக் விபத்தில் முதுகுத்தண்டில் டி10 அளவில் அடி. கால் இரண்டும் அசையாது, வீல்சேர்தான். விபத்துக்கு முன் 62 கிலோ, இப்போது 76. உயரம் 170 செ.மீ. சாப்பாடு அதிகமில்லை, நாலு டீ, சாயங்காலம் பஜ்ஜியோ மிக்சரோ கொஞ்சம், அவ்வளவுதான். வீட்டில் ரெண்டு கிலோ டம்பெல் ஒரு ஜோடி இருக்கிறது. தினமும் தலைக்கு மேலே நூறு தடவை தூக்குகிறேன். தொப்பை குறையவில்லை, வலது தோள் வலிக்க ஆரம்பித்துவிட்டது. கையை மட்டும் வைத்து உடம்பைக் குறைக்க வழி இருக்கிறதா?"

வழி இருக்கிறது. ஆனால் இப்போது செய்கிற நூறு தடவையை இன்றே நிறுத்திவிடுங்கள். அது எரிக்கும் கொழுப்பு மிகக் குறைவு, தோளுக்குச் செய்யும் கெடுதல் அதிகம். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று சொல்வதற்கு முன்னால் தொப்பையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அதில் எவ்வளவு கொழுப்பு என்று தெரியாமல் குறைக்கப் போனால் வீணாக மனம் விட்டுப்போகும்.

டி10 என்பது ஏறக்குறைய தொப்புள் மட்டம். வயிற்றுத் தசைகளுக்குப் போகும் நரம்புகள் டி7 தொடங்கி டி12 வரை வரிசையாக இறங்குகின்றன. அதனால் உங்களுக்குத் தொப்புளுக்கு மேலே தசை வேலை செய்யும், கீழே தளர்ந்திருக்கும். உட்காரும்போது குடலைத் தாங்கிப் பிடிக்க அடிவயிற்றில் ஆள் இல்லை, அது முன்னால் சரிந்து தொங்குகிறது. ஒல்லியான வீல்சேர்காரர்களுக்கும் சின்னத் தொப்பை இருப்பது இதனால்தான். கட்டிலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். படுத்தவுடன் தட்டையாகிவிடும் பகுதி வெறும் சரிவு, அதை எந்தப் பயிற்சியாலும் எந்தப் பட்டினியாலும் கரைக்க முடியாது. படுத்த பிறகும் மேடாக நிற்பதும், விரலால் பிடித்தால் கையில் வருவதும்தான் கொழுப்பு. நாலு நாள் மலம் சரியாகப் போகாத வயிறும் மேடாகத்தான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆகவே இடுப்புச் சுற்றளவை உட்கார்ந்தபடி அளக்க வேண்டாம். காலையில் மலம் கழித்த பிறகு, படுத்து, மூச்சை வெளியே விட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். தண்டுவடக் காயம் உள்ளவர்களை வைத்துச் செய்த ஆய்வில் 94 செ.மீ.க்கு மேல் போனால் இதய நோய் அபாயம் கூடுகிறது என்று கண்டார்கள். நம் ஊர் ஆண்களுக்குப் பொதுவாகச் சொல்லும் வரம்பு 90. எடைக்கு ஆஸ்பத்திரி தேடி அலைய வேண்டியதில்லை. அரிசி மண்டியிலோ பழைய பேப்பர் கடையிலோ தரையோடு ஒட்டிய எடை மேடை இருக்கும். ஒரு பலகை போட்டு வீல்சேரோடு ஏறி நில்லுங்கள், பிறகு காலி வீல்சேரை மட்டும் நிறுத்திக் கழித்துக்கொள்ளுங்கள். குஷன், பை எல்லாம் இரண்டு முறையும் நாற்காலியில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும்.

இன்னொரு விஷயம், கேட்க நன்றாக இருக்காது. நீங்கள் 14 கிலோ ஏறியதாகச் சொல்கிறீர்கள். ஆனால் இந்த ஐந்து வருடத்தில் தொடையிலும் பின்புறத்திலும் இருந்த தசை பல கிலோ கரைந்து போயிருக்கும். அப்படியானால் ஏறிய கொழுப்பு 14 கிலோவுக்கும் மேல். இதனால்தான் தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 22-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுடையது 26. பயப்படுத்தச் சொல்லவில்லை, சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தசை போனதால்தான் எடை ஏறியது என்றும் சொல்லலாம். சும்மா இருக்கும்போதும் கலோரி எரிப்பதில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. அது குறைந்துபோனதால், முதுகுத்தண்டு காயம் பட்டவர்கள் ஓய்வில் எரிக்கும் சக்தி மற்றவர்களைவிட 14 முதல் 27 சதவீதம் வரை குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதோடு நடப்பது, நிற்பது, மாடி ஏறுவது எல்லாம் நின்றுபோயின. "சாப்பாடு அதிகமில்லை" என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். விபத்துக்கு முன் சாப்பிட்ட அதே அளவுதான் இன்றும் சாப்பிடுகிறீர்கள். உடம்புக்குத்தான் அது இப்போது அதிகம். உங்கள் எடைக்கும் உயரத்துக்கும் ஒரு நாளைக்கு சுமார் 1,700 கலோரியில் எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இது மதிப்பீடுதான், மேலே கீழே நூறு இருக்கலாம்.

சரி, கைக்கு வருவோம். ஒருவர் கையால் மட்டும் உழைக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்சம், காலால் உழைக்கும்போது எடுப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கத்தில்தான் வரும். தசை சிறியது என்பதே காரணம். இதயம் "இன்னும் முடியும்" என்று சொல்லும்போதே கை "முடியாது" என்று சொல்லிவிடும். கையில் எரிச்சல் வந்து நிறுத்துவீர்கள், மூச்சு அப்போதும் சாதாரணமாக இருக்கும். டம்பெல்லை நூறு தடவை தூக்கும்போது உங்களுக்கு நடந்தது இதுதான். ஒரே சின்னத் தசைக் கூட்டம் களைத்துப்போனது, உடம்பு மொத்தமும் உழைக்கவே இல்லை.

எனவே கைப் பயிற்சியின் சூட்சுமம் ஒன்றுதான்: ஒரு தசை களைப்பதற்குள் அடுத்த தசைக்கு வேலையை மாற்றிவிட வேண்டும், நடுவில் ஓய்வு கொடுக்காமல். இழுக்கும் தசை ஓய்வெடுக்கும்போது தள்ளும் தசை உழைக்கும், இதயம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் ஜேக்கப்ஸ், மார்க் நாஷ் ஆகியோரின் குழு உங்களைப் போலக் கால்கள் செயலிழந்தவர்களுக்கு இந்த முறையில் ஒரு சுற்றுப் பயிற்சியை வகுத்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டது. இரண்டு எடைப் பயிற்சி, உடனே இரண்டு நிமிடம் கையால் வேகமாகப் பெடல் சுற்றுவது, மறுபடி இரண்டு எடைப் பயிற்சி என்று முக்கால் மணி நேரம், வாரம் மூன்று நாள். மூன்று மாதத்தில் பங்கேற்றவர்களின் இதய-நுரையீரல் திறன் சுமார் 30 சதவீதம் கூடியது. ஜிம் இயந்திரம் இல்லாமல் ரப்பர் பட்டையில் செய்தாலும் உடம்பு ஏறக்குறைய அதே அளவு உழைக்கிறது என்று அதே குழு பின்னர் ஒப்பிட்டுக் காட்டியது. நமக்கு வேண்டியது அந்த ரப்பர் பட்டைதான்.

உங்கள் வீட்டு ஜன்னலில் இரும்புக் கம்பி இருக்கும் அல்லவா, அதுதான் ஜிம். பிசியோதெரபிஸ்ட்கள் பயன்படுத்தும் ரப்பர் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கும். மெல்லியது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, கடினமானது ஒன்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளலாம். வெடிப்பு விழுந்த டியூப் வேண்டாம், அறுந்தால் முகத்தில் அடிக்கும். பெடல் சுற்ற, கையில் சுற்றும் சின்ன பெடல் சாதனம் கடைகளில் கிடைக்கிறது. அதை மேசையில் வைத்தால் வழுக்கி ஓடும், அடியில் ரப்பர் மேட் போட்டு மேசையோடு கட்டிவிடுங்கள். சுற்றும் அச்சு தோள் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். மேலே போனால் தோள் வலி கூடும். பெடல் இல்லையென்றால் உட்கார்ந்தபடியே காற்றில் குத்துச்சண்டை. கேலியாக இல்லை, இரண்டு நிமிடம் மார்பு உயரத்தில் நேராகக் குத்திப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

முதலில் நாற்காலியை நிலைப்படுத்துங்கள். ஆஸ்பத்திரி மாடல் வீல்சேரின் பிரேக் வழவழப்பான தரையில் நிற்காது. பட்டையை முன்னாலிருந்து இழுக்கும்போது நாற்காலியும் சேர்ந்து முன்னால் நகரும். அதனால் கால் வைக்கும் தட்டின் விளிம்பு சுவரில் முட்டும்படி நிறுத்துங்கள். உங்கள் கால்விரல் முட்டக் கூடாது, அடிபட்டாலும் உங்களுக்குத் தெரியாது. மார்புக்குக் கீழே ஒரு அகலமான பெல்ட்டையோ துண்டையோ போட்டு நாற்காலி முதுகோடு கட்டிக்கொண்டால் உடம்பு முன்னால் சாயாமல் கை முழு பலத்தோடு வேலை செய்யும். ரொம்ப இறுக்க வேண்டாம். டம்பெல்லை மடியில் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். செயலிழந்த காலில் எலும்பு மெலிந்திருக்கும், தவறி விழும் சின்ன எடைக்கே முறியலாம்.

ஐந்து நிமிடம் மெதுவாகப் பெடல் சுற்றி உடம்பைச் சூடாக்குங்கள். அப்புறம் முதல் ஜோடி. பட்டையை மார்பு உயரத்தில் கம்பியில் மாட்டி, முழங்கை விலாவை உரசியபடி பின்னால் போக இழுங்கள், கடைசியில் தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்க வேண்டும். பதினைந்து முறை. உடனே பட்டையைத் தலைக்கு மேலான கம்பிக்கு மாற்றி, மேலிருந்து மார்புக்கு இழுங்கள், அதுவும் பதினைந்து. அடுத்து இரண்டு நிமிடம் வேகமான பெடல், தடை குறைவாக. இரண்டாவது ஜோடியில் சுவரிலிருந்து திரும்பி உட்கார்ந்து, ஜன்னலிலிருந்து வரும் பட்டையை மார்பிலிருந்து முன்னால் தள்ளுங்கள். அதைத் தொடர்ந்து முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி, இதற்கு மெல்லிய பட்டை போதும். மறுபடி இரண்டு நிமிடம் பெடல். மூன்றாவது ஜோடி முழங்கையை மடக்கித் தூக்குவதும், மேலிருந்து பட்டையைக் கீழே அழுத்தி முழங்கையை நீட்டுவதும். மறுபடி பெடல். இது ஒரு ரவுண்டு, பன்னிரண்டு பதிமூன்று நிமிடம் ஆகும். முதல் இரண்டு வாரம் இரண்டு ரவுண்டு, பிறகு மூன்று.

மயாமி குழுவின் பட்டியலில் எடையைத் தலைக்கு மேல் தள்ளுவதும், நாற்காலிக் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதும் இருந்தன. இரண்டையும் நான் வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் கழிப்பறைக்கும் மாறும்போது அதைத்தான் தினமும் பலமுறை செய்கிறீர்கள், தோள் ஏற்கெனவே அழுகிறது.

எவ்வளவு கடினமாகச் செய்வது? உங்களுக்கு அடி டி6-க்குக் கீழே என்பதால் இதயத் துடிப்பு ஓரளவு சாதாரணமாகவே கூடும். ஆனால் எண்ணைவிட நம்பகமானது பேச்சு. பத்துக்கு ஐந்து, ஆறு என்ற சிரமத்தில் ஒரு சின்ன வாக்கியம் பேசலாம், பாட முடியாது. பெடல் சுற்றும் இரண்டு நிமிடத்தின் கடைசியில் ஏழு, எட்டுக்குப் போக வேண்டும், இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வரக் கூடாது. கை எரிகிறது, மூச்சு வாங்கவில்லை என்றால் பட்டை ரொம்பக் கடினம், தளர்த்தி வேகத்தைக் கூட்டுங்கள். பதினைந்தைத் தாண்டி இருபதும் சுலபமாகப் போகிறது என்றால் பட்டையைச் சற்றுக் குட்டையாகப் பிடியுங்கள்.

திங்கள், புதன், வெள்ளி இந்தச் சுற்று. ஞாயிறு காலை வீல்சேரில் வெளியே. பள்ளி மைதானமோ, வேகத்தடை இல்லாத ஒரு தெருவோ கிடைத்தால், ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக என்று பத்து முறை. டயரில் காற்று முழுதாக இருக்கட்டும். காற்றுக் குறைந்த டயர் அதிக கலோரி எரிக்கும் என்று ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். எரிக்கும்தான், கூடவே தோளையும் எரிக்கும்.

முதுகுத்தண்டு காயம் உள்ளவர்களுக்கான சர்வதேசப் பரிந்துரையும் இந்த அளவோடு ஒத்துப்போகிறது. இதயத்துக்கும் வளர்சிதை மாற்றத்துக்கும் பலன் வேண்டுமானால் மூச்சு வாங்கும் பயிற்சி வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் முப்பது நிமிடமாவது. தசைப் பயிற்சி வாரம் இரண்டு முறை. தினமும் செய்தால் சீக்கிரம் குறையும் என்று தோன்றும். கால் உள்ளவர் காலுக்கு ஓய்வு கொடுத்துக் கையை வேலை வாங்கலாம். உங்களுக்குக் கைதான் காலும், ஓய்வு நாளிலும் அது நடந்துகொண்டே இருக்கிறது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். உங்கள் எடையில், மேலே சொன்ன சுற்றில் நிமிடத்துக்கு ஐந்து கலோரிக்குப் பக்கத்தில் எரியும். நாற்பது நிமிடத்துக்கு 200, அதில் சும்மா இருந்தாலும் எரிந்திருக்கும் நாற்பதைக் கழித்தால் 160. நாலு டீக்கு இரண்டு இரண்டு ஸ்பூன் என்று போட்டால் நாற்பது கிராம் சர்க்கரை, அதுவும் 160. வியர்க்க விறுவிறுக்க ஒரு நாள் செய்த பயிற்சி அன்றைய டீயின் சர்க்கரைக்குச் சரியாகப் போய்விட்டது. அதனால் பயிற்சி வேண்டாம் என்று அர்த்தமில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்வது, கைத் தசையும் மூச்சுத் திறனும் கூடுவது, எடை குறையும்போது தசை போகாமல் கொழுப்பு போவது எல்லாம் பயிற்சியால்தான் நடக்கும். எடை முள் மட்டும் பெரும்பாலும் சாப்பாட்டால் நகரும்.

உங்கள் விஷயத்தில் சோற்றில் கை வைக்கும் முன்பே வேலை முடிந்துவிடும் போலிருக்கிறது. டீயில் சர்க்கரையை விட்டால் 160. சாயங்காலம் பஜ்ஜி, மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் என்றால் இன்னொரு நூறு, நூற்றைம்பது. ஆக நாளைக்கு சுமார் 300 குறைகிறது, வாரத்துக்கு 2,100. மூன்று சுற்றும் ஞாயிறு ஓட்டமும் சேர்ந்து 550. மொத்தம் 2,650. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று எடுத்தால் வாரத்துக்குச் சுமார் 350 கிராம், பன்னிரண்டு வாரத்தில் நாலு கிலோ. கணக்கில் இப்படி, நடப்பில் மூன்று கிலோ வந்தாலும் நல்லதே. 62-க்குத் திரும்ப வேண்டும் என்று இப்போதே நினைக்காதீர்கள், முதலில் 72.

சாப்பாட்டில் புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 60 முதல் 70 கிராம். இரண்டு முட்டை, மதியம் ஒரு துண்டு மீனோ கோழியோ, கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர் என்று பிரித்தால் பக்கத்தில் வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள். காய்கறியையும் பயறையும் ஒரேயடியாகக் கூட்டாதீர்கள், மலம் கழிக்கும் நேர ஒழுங்கு குலைந்துபோகும். வாரம் வாரம் கொஞ்சம். கதீட்டர் போட வேண்டியிருக்கிறதே என்று பயிற்சி நாளில் தண்ணீரைக் குறைக்கிறவர்கள் நிறைய பேர். சிறுநீர்த் தொற்று வந்தால் இரண்டு வாரப் பயிற்சி போய்விடும், குடிக்கும் அளவை மாற்றாதீர்கள். தொடங்கும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு உட்காருங்கள்.

இனி அந்த வலது தோள். முன்பக்கம் மேலே வலிக்கிறதா, கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது நடுவழியில் சுரீர் என்று வந்து மேலே போனதும் குறைகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் தோளின் குறுகிய இடுக்கில் தசைநார் நசுங்குகிறது, வீல்சேர் பயன்படுத்துபவர்களுக்கு மிகச் சாதாரணம். தள்ளுகிற தசைகள் நாள் முழுக்கச் சக்கரம் தள்ளியே வலுத்துப்போய், இழுக்கிற தசைகள் சும்மா கிடப்பதால் தோள் முன்னால் உருண்டுவிடும். அதனால்தான் மேலே சொன்ன சுற்றில் இழுப்பதை முதலில் வைத்து, வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியையும் சேர்த்தேன். அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஒரு ஆய்வில், தோள் வலி இருந்த வீல்சேர்காரர்களுக்கு இந்த வகைப் பயிற்சியும், சக்கரம் தள்ளும் விதத்தையும் இடம் மாறும் விதத்தையும் திருத்துவதும் பன்னிரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். வலி நன்றாகவே குறைந்தது.

அந்தத் திருத்தங்களில் மூன்றை நீங்கள் இன்றே தொடங்கலாம். சக்கரத்தைத் தட்டித் தட்டித் தள்ளாமல், கையை அச்சுக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பிடித்து நீளமாக முன்னால் கொண்டுபோய் விடுங்கள். விட்ட கை வளையத்துக்குக் கீழாகத் தொங்கித் திரும்பி வரட்டும். அழுத்தம் நீங்க நாற்காலிக் கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதற்குப் பதில், மேசையில் சாய்ந்தோ முழங்காலில் முழங்கையை ஊன்றியோ முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருங்கள். தோளுக்கும் நல்லது, உட்காரும் எலும்புக்கடியில் ரத்த ஓட்டம் திரும்பவும் அந்த இரண்டு நிமிடம் தேவை. கட்டில் உயரமும் நாற்காலி உயரமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்து, நடுவில் வழுக்குப் பலகை போட்டு மாறுங்கள். இரவில் மல்லாந்து படுத்துக் கைகளை இரண்டு பக்கமும் விரித்து ஐந்து நிமிடம் விட்டால் முன் மார்புத் தசை இளகும்.

பயிற்சியின்போது வரும் வலி மறுநாள் காலைக்குள் போய்விட்டால் தொடரலாம். அடுத்த நாளும் இருந்தால் பட்டையின் தடையைக் குறையுங்கள். இரவில் அந்தப் பக்கம் படுக்கவே முடியாத வலி, அல்லது திடீரென்று கை மேலே ஏறாமல் போவது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், அதற்கு எலும்பு மருத்துவர்தான். விரல்கள் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறது, பட்டையைப் பிடிக்கும்போது மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள், சக்கரம் தள்ளக் கையுறை போடுங்கள்.

வேர்வையும் உரசலும் சேர்ந்தால் தோலுக்கு ஆபத்து. பயிற்சி முடிந்து படுத்ததும் கண்ணாடி வைத்தோ போனில் படம் எடுத்தோ பின்புறத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அது ஆறும்வரை உட்கார்ந்து செய்யும் பயிற்சி கிடையாது. எடை குறைவதிலும் இதைக் கவனியுங்கள். பின்புறக் கொழுப்பு கரையும்போது எலும்புக்கும் குஷனுக்கும் நடுவில் இருந்த மெத்தை குறைகிறது. காற்றுக் குஷன் என்றால் காற்றின் அளவை மறுபடி சரி பார்க்க வேண்டும், ஸ்பாஞ்ச் அமுங்கிப்போயிருந்தால் மாற்ற வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் தள்ளிப்போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக் கட்டியாகவோ தெரியாமல் முறிந்த எலும்பாகவோ இருக்கலாம்.

நம் ஊர் வெயிலும் ஒரு விஷயம். காயத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது, சூடு வெளியேற வழி குறைவு. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், மின்விசிறிக்கு நேராக உட்காருங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள், பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கையிலும் காலிலும் தெளித்துக்கொள்ளலாம்.

நான்கு வாரம் ஆகியும் எடை நகரவில்லை என்றால் முதலில் டேப்பைப் பாருங்கள். கையில் கொஞ்சம் தசை சேர்ந்து, இடுப்பு ஒரு செ.மீ. குறைந்திருந்தால் சரியாகத்தான் போகிறது. இரண்டும் நகரவில்லை என்றால் பயிற்சிக்குப் பிந்தைய பசிதான் பெரும்பாலும் காரணம். மூன்று நாள் வாயில் போட்டதையெல்லாம் எழுதிப் பாருங்கள், இரவில் கூடுதலாக வந்த இரண்டு தோசை அதில் தெரியும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. காயம் டி6 அளவிலோ அதற்கு மேலோ இருப்பவர்கள் இந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் இதயத் துடிப்பு எவ்வளவு உழைத்தாலும் அவ்வளவாக ஏறாது, அதனால் துடிப்பை வைத்து அளக்க முடியாது. பயிற்சியின் நடுவில் மண்டை வெடிக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே குப்பென்று வியர்ப்பது வந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுகிறது என்று பொருள். படுக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, பெல்ட்டையும் இறுக்கமான உடையையும் தளர்த்தி, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, கதீட்டர் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

மூட்டு வலியால் தூரம் நடக்க முடியாதவர்கள் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து இதே சுற்றைச் செய்யலாம். கால் தசை இருப்பதால், உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டுவதையும் பெடலைக் காலால் சுற்றுவதையும் நடுவில் சேர்த்தால் இன்னும் அதிகம் எரியும், கையோடு நிறுத்திக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஒரே அளவு வேலைக்குக் கை உழைக்கும்போது காலைவிட ரத்த அழுத்தம் அதிகம் ஏறும். நெஞ்சு வலி வந்தவர்களும் அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்காதீர்கள்.

சிறு வயதில் போலியோ வந்து இப்போது நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு விதி தலைகீழ். பல வருடம் ஊன்றுகோலைத் தாங்கிய கையில் எஞ்சியிருக்கும் நரம்புகள் ஏற்கெனவே அளவுக்கு மீறி உழைத்தவை. பத்துக்கு ஐந்துக்கு மேல் போக வேண்டாம், ஒரு ரவுண்டு, நடுநடுவே ஓய்வு. மறுநாள் கை கனத்து, வழக்கமாகத் தூக்கும் குடத்தைத் தூக்க முடியவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம், அடுத்த முறை பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.